போவன்பள்ளிப் பள்ளத்தின் கம்பித் தடுப்பு

கோபம் வந்தால் ஆக்னஸ் எழுதியதைக் கிழித்துவிடுவாள். அன்றும் அறிக்கையின் முதல் வரைவைக் கிழித்தாள். அதில் "பொய்" என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது.

போலாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது. வான்வழிப் படங்களிலிருந்து வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். இப்போது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வழக்குகளுக்கு வரும் புகைப்படங்களைச் சோதித்துக் கருத்து எழுதுகிறாள்.

சங்கரின் வழக்கை வக்கீல் ப்ரியம்வதா கொண்டுவந்தாள். சங்கர் போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றும் ஆட்டோக்காரன். ஒரு விடியற்காலையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ஆட்டோ கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கீரைக்காரி அன்னம்மாள் செத்துப்போனாள். சங்கருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. வழக்கோ அவன்மேல்தான்: கண்மூடித்தனமாக ஓட்டி மரணம் விளைவித்தான் என்று. முதல்நாள் மாலையே பள்ளத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வைத்ததாக ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஒரு படம் கொடுத்திருந்தார்.

"தடுப்பெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம். ஒரு செங்கல் கூட வைக்கல. கைக்கு, எதுக்கு இப்டி சொல்றாங்க?" என்றான் சங்கர். அவன் கண்ணைப் பார்க்காமல், "ஒரிஜினல் ஃபைல் வேணும். வாட்ஸ்அப்ல வந்தது நக்கோ, வேணாம். ஓரம் வெட்டின படமும் நக்கோ" என்று மட்டும் சொன்னாள் ஆக்னஸ்.

கோர்ட் உத்தரவின் பேரில் அசல் வந்தது. போனின் அகலக் கோண லென்ஸில் எடுத்தது. அந்த லென்ஸ் படத்தின் ஓரத்து நேர்கோடுகளை வெளிப்பக்கமாக வளைக்கும். கீழ் ஓரத்தில் சாலைக்குக் குறுக்கே போன வேகத்தடையின் வெள்ளைக் கோடு நடுவில் கீழே தொங்கியிருந்தது. அதை ஒட்டினாற்போல் நின்ற தடுப்பின் இரண்டு கம்பிகளும் மட்டும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தன.

சுவரையும் மின்கம்பத்தையும் வைத்து லென்ஸின் வளைவைக் கணக்கிட்டுப் படத்தைத் திருத்தினாள். வெள்ளைக் கோடு நிமிர்ந்தது. கம்பிகள் நடுவில் மேலே வில்லாக எழும்பின. வேறெங்கோ எடுத்த தடுப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! அன்னம்மாள் செத்த பிறகு முளைத்த தடுப்பு. அந்தக் கோபத்தில் எழுதிக் கிழித்ததுதான் முதல் வரைவு.

ஆனாலும் அதோடு விடவில்லை. திருத்திய படத்தில் சுவரின் வரிசைகளையும் சாலையோரக் கல்லையும் நீட்டினாள். எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் கூடின. குறுக்குத் திசையில் போகும் கடை ஷட்டர்களின் கோடுகள் இன்னொரு புள்ளியில். இரண்டையும் சேர்த்தால் அந்த இடத்தின் தொடுவானம். தரையோடு மட்டமாக நிற்கும் எந்தப் பொருளின் கோடுகளும், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும், அந்தத் தொடுவானத்தில்தான் கூட வேண்டும். தடுப்பின் கம்பிகளோ அதற்கு வெகு உயரத்தில் கூடின. மறுநாள் நேரில் போய் சாலையின் சரிவையும் அளந்தாள்.

கோர்ட்டில் அரசுத் தரப்பு வக்கீல் கிருஷ்ணமூர்த்தி எழுந்தார்.

"ரோடு சரிவா இருந்தா தடுப்பும் சாயும் இல்லையா?"

"சரிவு இருக்கு சார், அளந்திருக்கேன். பத்தடிக்கு ரெண்டு அங்குலம். உங்க படத்துல கம்பி கூடற உயரத்துக்கு ரோடு மாடிப்படி மாதிரி ஏறணும்."

"கம்பியே வளைஞ்சிருந்தா?"

"ஹவ், ஆமா, வளைஞ்சிருக்கலாம். ஆனா ரெண்டு கம்பியும், லென்ஸ் வளைக்கற அளவுக்கு எதிர்ப்பக்கமா, மயிரிழை மாறாம வளைஞ்சிருக்கணும். அப்படிப்பட்ட தடுப்பைக் கொண்டுவந்து காட்டுங்க."

"யார் ஒட்டினாங்கன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது. அந்தத் தடுப்பு அந்த இடத்துல அந்தக் கேமரா முன்னால நிக்கலைன்னுதான் சொல்றேன்."

சங்கர் விடுதலையானான். தீர்ப்பு வர இரண்டு வருடமாகியிருந்தது. அதற்குள் ஆட்டோ கை மாறிவிட்டது. கட்டைக்காலோடு அவன் மார்க்கெட் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறான். படத்தைக் கொடுத்த மேற்பார்வையாளரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதே ஒப்பந்தக்காரர் மௌலா அலிப் பக்கம் வேறொரு தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

ஆக்னஸ் அங்கே போய்ப் பார்த்தாள். திறந்த பள்ளம். பள்ளிப் பிள்ளைகள் பலகையில் தாண்டிப் போனார்கள். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, போலிப் படம் கொடுத்தவர்மேல் புகார் நீட்டினாள்.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே மேடம்" என்றார் எழுத்தர்.

"அன்னம்மாளுக்கு என்ன முடிஞ்சுது?" அவள் குரலுக்கு எல்லாரும் திரும்பினார்கள். "இத வாங்கி நம்பர் போட்டுக் குடுங்க. நம்பர் வர வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து எழுத்தர் புகாரை வாங்கிக்கொண்டு முத்திரையைத் தேடி எடுத்தார்.