ஒரு சாண் இடைவெளி

எங்கள் பள்ளியில் நாடகம் போடுவது கணக்கு டீச்சர்தான். கழுத்தில் சங்கிலி மாதிரி எப்போதும் ஒரு தையல் டேப் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயர் ‘டேப் டீச்சர்’. அவருக்கும் தெரியும். “இஞ்ச் டேப்புன்னு முழுசா சொல்லுங்கடா, மரியாதையா இருக்கும்” என்பார்.

யார் பேசினாலும் வலது பக்கத்தைத்தான் கொடுப்பார். பதின்மூன்று வயதில் பள்ளி நாடகமொன்றில் நடித்தபோது, “நெஜமா அடி, அப்பதான் எடுபடும்” என்றாராம் அவருடைய வாத்தியார். தோழி அடித்தாள், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இடது காது அன்றோடு மந்தமாகிவிட்டது. தோழி ஒரு மாதம் அழுதாளாம். டீச்சர் இதைச் சொல்லும்போது தோழிக்காகத்தான் வருத்தப்படுவார்.

இந்த வருட நாடகத்தில் அம்மா மகளை அறைய வேண்டும். அம்மாவாக நெட்டை, மகளாகப் பூனை; இரண்டும் பட்டப்பெயர்தான், இருவரும் ஒன்பதாம் வகுப்பு. பூனையின் நிஜ அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். ஒத்திகையின் முதல் நாளே வந்து நின்றார்.

“காதுல அடிபட்டு வர்ற புள்ளைங்கள நான் தெனம் பாக்கறேன் டீச்சர். என் பொண்ணு மேல ஒரு விரல் பட்டாலும் அவ இனிமே மேடை ஏற மாட்டா.”

“பட்டுச்சுன்னா நானே இனிமே நாடகம் போட மாட்டேன்மா” என்றார் டீச்சர். விளையாட்டாகச் சொல்லவில்லை. மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அது தெரியும். இந்த நாடகங்களை விட்டால் அவருக்கு வேறு பொழுதே கிடையாது.

முதல் வாரம் கையே ஓங்கவில்லை. நெட்டை நகம் வெட்டி, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். பூனை பார்வையாளருக்கு முதுகு காட்டி நிற்பாள். நெட்டை கையை முழுதாக நீட்டினால், விரல்நுனிக்கும் பூனையின் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும். டேப்பில் அளந்து, பூனையின் குதிகாலுக்குச் சாக்பீஸ் கோடு போட்டார். பூனை நிமிர்ந்து நெட்டையின் கண்ணைப் பார்த்துத் தாடையைத் தாழ்த்தினால்தான் கை ஓங்கும். கை காற்றைக் கடக்கும்போது பூனை தலையைத் திருப்பி, வயிற்றருகே தன் கைகளையே ஒரு தட்டுத் தட்டி, கன்னத்தைப் பிடிப்பாள். முதுகு மறைப்பதால் தட்டியது கூடத்துக்குத் தெரியாது.

ஆமை வேகத்தில் ஒரு வாரம். பிறகு பாதி வேகம். நர்ஸும் வேலை முடிந்து அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

“இன்னும் வேகமா அடிக்கவா டீச்சர்?”

“வேகம் தட்டற சத்தத்துல இருக்கட்டும்டி. உன் கைக்கு எதுக்கு?”

அடிப்பது நெட்டைதான், ஆனால் அறை பூனையின் வசம் இருந்தது. அவள் பார்க்காவிட்டால் அறை கிடையாது.

ஆண்டு விழா அன்று, திரை திறப்பதற்கு அரைமணி முன் அறையை மட்டும் மெதுவாக ஒருமுறை செய்து பார்த்தார்கள். எல்லாம் சரி. சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று, அப்புறம் ஆயாம்மா மேடையைத் துடைத்துவிட்டார், கோடும் சேர்த்து.

நர்ஸை டீச்சர் பக்கத்திரைக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். இடைவெளி அங்கிருந்துதான் தெரியும்.

அந்தக் கட்டம் வந்தது. பூனை கீழே பார்த்தாள். கோடு இல்லை. அவள் நிமிரவில்லை. ஒத்திகையில் நின்றதைவிடக் கிட்டத்தில்தான் நின்றிருந்தாள். கூடம் காத்திருந்தது. டீச்சர் கழுத்து டேப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெட்டையின் கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

பிறகு நெட்டை மெல்லக் கையை நீட்டி, விரலைச் சுட்டினாள்.

“யார எதுத்துப் பேசற நீ?”

வசனத்தில் இல்லாத வரி. கூடத்துக்கு அது கோபம். எங்களுக்கு அது டேப். விரலுக்கும் மூக்குக்கும் நடுவில் நாலு விரற்கடைதான் இருந்தது. பூனை பயந்தவள்போல் அரை அடி பின்வாங்கினாள். ஒரு சாண். நிமிர்ந்தாள், பார்த்தாள், தாடை தாழ்ந்தது.

பளார்!

கூடமே “அய்யோ” என்றது. இடைவெளியைத் தன் கண்ணாலேயே பார்த்த நர்ஸும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நாடகம் முடிந்ததும் பூனையைப் பிடித்து நிறுத்தி, கைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து, கன்னம், காது என்று பார்த்தார்.

“அம்மா, படவே இல்லம்மா! மானத்த வாங்காத!”

“தெரியும், சும்மா நில்லு.”

பார்த்து முடித்து, டார்ச்சை அணைக்காமல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசமா பாக்கறேன், எப்பவும் வலது பக்கமே குடுக்கறீங்க. எங்க, அந்தக் காதக் காட்டுங்க.”

“அது பழசும்மா, விடுங்க.”

“திரும்புங்க டீச்சர்.”

ஊருக்கே நிற்கும் இடம் சொல்லித்தருகிறவர், சொன்ன பக்கம் திரும்பி நின்றார். நெட்டை ஓடிவந்து முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.