தானே தனக்குப் பதில் போட்ட மீன் பக்கம்

நல்லவாட்டுக் கடற்கரையில் காலையில் இறங்கும் மீனைப் படம் பிடித்து, என் மனைவி இணையத்தில் தன் பக்கத்தில் விற்பனைக்குப் போடுவாள். வேண்டியவர்கள் கீழே கமெண்டில் எழுதுவார்கள். மீன் கழுவும் கையோடு அவளால் போனைப் பார்க்க முடியாது. போன வாரம் உறுவையாற்று அக்கா எழுதிய கமெண்டைத் தாமதமாகப் பார்த்தோம். அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். "இன்னொரு தபா அவங்க கை நழுவிப் போனா, பக்கத்தையே மூடிடுவேன்" என்றாள் மனைவி.

வில்லியனூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெப்ஹூக் போட்டேன். நாம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். புதுக் கமெண்ட் விழுந்த நொடியில் அந்தத் தளமே நம் சர்வரின் முகவரிக்குச் சேதி அனுப்பும். அங்கே நான் எழுதிய நிரல் என் போனில் மணியடித்து, "ஆர்டர் வந்தது, இதோ அழைக்கிறோம்" என்று பதிலும் போடும்.

மறுநாள் காலை உறுவையாற்று அக்கா எழுதினார்: ரெண்டு கிலோ சங்கரா, மதிய விருந்துக்கு. மணி அடித்தது. பதில் போனது. நான் மீசையைத் தடவுவதற்குள் மறுபடி மணி. மறுபடி பதில். மணி, பதில், மணி, பதில்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, உங்க மிஷினு தானே பேசி தானே பதில் சொல்லிக்குது? அப்படியே உங்கள மாதிரி!"

நான் பாய்ந்து வீட்டு மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். மணி நிற்கவில்லை. சர்வர் எங்கோ வாடகைக்கு இருக்கிறது. என் வீட்டு வயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊருக்கே கம்ப்யூட்டர் சரிசெய்கிறவன் நான். பதற்றத்தில் ஃபேனையும் அணைத்து வைத்தேன்.

"நிறுத்துங்க. நான் கண்ணால பாத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறும்மா. இதை வுட மாட்டேன்."

போன் டேட்டாவில் சர்வருக்குள் நுழைந்து நிரலை நிறுத்தினேன். மணி ஓய்ந்தது. வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் பக்கம் போடும் பதிலும் ஒரு கமெண்டுதான். அதற்கும் சேதி வருகிறது, அதற்கும் நிரல் பதில் போடுகிறது. எழுதியவர் யார் என்று பார்த்து, எங்கள் பக்கமே என்றால் சும்மா இரு என்று ஒரு வரி சேர்த்தேன். நிரலை மறுபடி ஓட விட்டு, குவிந்த பதில்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

மணி அடித்தது. இருவரும் மூச்சைப் பிடித்தோம். ஒரே ஒரு பதில் போனது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வந்தது அக்காவின் புதுக் கமெண்ட்: "இன்னாப்பா, எத்தினி வாட்டிதான் சொல்லுவீங்க? மீன் இருக்கா, இல்லியா?"

மனைவி கையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டாள். "இருக்குக்கா. துண்டு போட்டு வெச்சிட்டேன். உங்கள பதற வெச்ச ஆளே எடுத்துக்கினு வராரு."

பையை என் கையில் திணித்தாள். "போய்ட்டு வாங்க. நாளைக்குப் படம் போடணும், மணிய எடுத்துடாதீங்க."