விசில்காரர் வீட்டுக்கு வந்த குக்கர்

அந்தப் பாத்திரக் கடையின் முதல் மாடி முழுக்க குக்கர்கள். பதினெட்டு வருடமாக அந்த மாடியை ஆண்டு வந்தவருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். சம்பளப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகக் கேள்வி.

விசில் ஒரு குக்கரை விற்பது பார்க்கத் தகுந்த காட்சி. நீள்வட்ட மூடியைச் சாய்த்து, ஒரு சுழற்று சுழற்றி, வாய்க்குள் இறக்கி, உள்ளிருந்து மேலே இழுத்துப் பூட்டுவார். "பாத்தீங்களா? உள் மூடி. உள்ள ஆவி இருக்கிற வரைக்கும் அதுவே மூடியை மேல தள்ளிப் பிடிச்சுக்கும். பயில்வானே வந்தாலும் திறக்க முடியாது." வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அலுமினியம், உள் மூடி, ஐந்து லிட்டர். மூன்று பேர் குடும்பமோ பதின்மூன்று பேர் குடும்பமோ, அவர் மனம் போவது அங்கேதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு எதிர் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். வந்த அன்று 'புதுசு' என்றார்கள், இன்றும் புதுசுதான். வித்தை எதுவும் அவளுக்குத் தெரியாது. வருகிறவர்களை உட்கார வைத்து, வக்கீல் மாதிரி கேள்வி கேட்பாள். வீட்டில் எத்தனை பேர்? அடுப்பு எது, கேஸா, இண்டக்‌ஷனா? தக்காளி, புளி அடிக்கடி வேகுமா? கழுவுவது யார்? கடைசியில் மூடியைக் கையில் கொடுத்து, "நீங்களே மூடிக் காட்டுங்க" என்பாள்.

"குக்கர் வாங்க வந்தவங்களுக்குப் பரீட்சை வைக்குது பாரு" என்று விசில் கீழ்த்தளத்துக் கரண்டிப் பிரிவுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. அந்தப் பரீட்சை எழுத வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சரக்கு இறக்கிவிட்டு மாடியேறின விசில், அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். புதுசின் மேசை முன்னால் ஒரு பழக்கப்பட்ட முதுகு, அதன் மேல் ஒரு பழக்கப்பட்ட பின்னல். அவர் மனைவி.

"வீட்ல மூணு பேரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு பொண்ணும். போன மாசம் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துச்சு. பழைய குக்கரை வச்சா அது சூடே ஆகல."

"அலுமினியமா அக்கா? வெறும் அலுமினியத்தை அந்த அடுப்பு கண்டுக்காது. இதை மூடிக் காட்டுங்க."

மனைவி உள் மூடியை வாங்கிச் சாய்த்தாள். பாதியில் உதட்டைக் கடித்தாள். புதுசு மூடியைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"வீட்ல அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. தைலம் தேய்ச்சுக்கோன்னார்."

அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒருவருக்குக் காது சூடானது.

புதுசு எடுத்து வைத்தது மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர். அடியில் இரண்டு எஃகுத் தகடு, நடுவே அலுமினியம். சூடு ஒரே சீராகப் பரவும், இண்டக்‌ஷனும் ஏற்கும். புளிப்பு பட்டாலும் கறுக்காது. வெளி மூடி, மேலே வைத்து, கைப்பிடி இரண்டும் ஒன்றாகும்வரை திருப்பினால் போதும். "எல்லா வெளி மூடியையும் நம்பாதீங்க அக்கா. இதுல ஒரு சின்ன பின் இருக்கு பாருங்க. ஆவி ஏறினா மேல எழும்பிப் பூட்டிக்கும். அது கீழ இறங்கினப்புறம்தான் மூடி திரும்பும்." வெயிட், பாதுகாப்பு வால்வு, விளிம்பில் கேஸ்கட் பிதுங்கி ஆவி போக ஒரு சன்னல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மனைவி மூடிப் பார்த்தாள். உதட்டைக் கடிக்கவில்லை.

விசில் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் குக்கர் விற்றவர், தன் வீட்டுக்கே இன்னொருவர் விற்ற குக்கர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் வீட்டில் புது குக்கர் மேடையில் மின்னியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். பதினாலு வருஷமா அந்த உள் மூடியை மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"வெளி மூடியெல்லாம் ஒரு மூடியா? இது எத்தனை நாளைக்கு வருதுன்னு பாக்கலாம்."

"பாருங்க. நல்லா பாருங்க. நாலு உருளைக்கிழங்கு எடுத்து வச்சிருக்கேன், நீங்களே வேக வைங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி கைப்பேசியோடு கூடத்துக்குப் போனாள்.

விசில் கிழங்கைக் கழுவிப் போட்டார். அதற்குள் கூடத்திலிருந்து சிரிப்பு. "ஆமாப்பா, ஒரு கைலயே மூடிட்டேன்... அவரா? மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு." மறுமுனையில் புதுசுதான் என்று தெரிய ஜோதிடம் வேண்டியதில்லை. அவர் காதை முழுசாக அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, கை போன போக்கில் மூடியைத் திருப்பினார், வெயிட்டைப் போட்டார், அடுப்பை முழு வேகத்தில் வைத்தார்.

விசில் வரவில்லை. விசிலுக்கே விசில் வரவில்லை. 'சொன்னேன்ல, ஓட்டை' என்று அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. மகள் அறையிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ஏதோ கருகுது."

அந்த நொடியில் மூடியின் பக்கத்திலிருந்து 'புஸ்' என்று ஒரு நீளப் பெருமூச்சு, புகையும் ரப்பர் நாற்றமுமாக. விசில் அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகுதான் உறைத்தது. தண்ணீர். பதினெட்டு வருடமாக, வாங்குகிற ஒவ்வொருவரையும் படிவரை துரத்திப்போய், "தண்ணி ஊத்த மறக்காதீங்க, மறந்தா வால்வு உருகிடும்" என்று சொல்கிற அந்தத் தண்ணீர்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். பிறகு உள்ளே வந்து சன்னலைத் திறந்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. மகள்தான் சொன்னாள்: "வால்வு கரெக்டா வேலை செஞ்சிருக்குப்பா. நீங்கதான் செய்யல."

ஆறவிட்டுத் திறந்தார்கள். கிழங்கு கரிக்கட்டை. சூட்டில் எஃகு நிறம் மாறி, குக்கரின் அடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வானவில். எலுமிச்சை தேய்த்ததில் பாதி போனது. மூடியிலிருந்து வால்வைக் கழற்றினார். நடுவிலிருந்த ஈயத்துளி உருகி, ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது.

உதிரிப் பாகங்களின் பெட்டி புதுசின் மேசையில்தான் இருக்கும். மறுநாள் அவர் அந்தப் பக்கமாக நான்கு முறை நடந்தார். ஐந்தாவது முறை அவளே ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

"வால்வும் கேஸ்கட்டும் வச்சிருக்கேன் அண்ணே. வெந்த ரப்பரைத் திரும்பப் போட வேணாம்."

"யாரு சொன்னது?"

"அக்கா காலைலயே கூப்பிட்டாங்க." முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமென்று அவருக்குத் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உருகின வால்வை நான் நேர்ல பார்த்ததே இல்லண்ணே. தினமும் சொல்றேன், பார்த்ததில்ல. இருக்கா?"

விசில் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் குனிந்து, அவர் உள்ளங்கையிலேயே விரலால் புரட்டிப் பார்த்தாள்.

"எங்கிட்ட குடுங்களேன். கஸ்டமருக்குக் காட்டினா நல்லா புரியும்."

உள்ளங்கை சட்டென்று மூடிக்கொண்டது. "அதெல்லாம் முடியாது. இது என் வால்வு."

மதியம் ஒரு புதுமணத் தம்பதி வந்தது. விசில் வால்வை மேசையில் வைத்து, தண்ணீர் ஊற்றாத ஒரு மடையனின் கதையைச் சொன்னார். "யாருங்க அவர்?" என்றாள் அந்தப் பெண். "எனக்குத் தெரிஞ்சவர்தான். தொழில் தெரிஞ்சவருங்கூட" என்றார்.

வழக்கம்போல் ஐந்து லிட்டரை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. வேறொரு மூடியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "நீங்களே மூடிக் காட்டுங்கம்மா." அதை மட்டும் மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் எதிர் மேசையைப் பார்த்தார்.

கேட்டுவிட்டாள். கேட்டும், தன் வாசகத்தை அவர் எடுத்துக்கொண்டதற்கு அவள் கொஞ்சம்கூடக் கோபப்படாமல், பெட்டியில் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவருக்கு அதுதான் எரிந்தது.