மிச்சம் பிடித்த அறுபது கிலோமீட்டர்

எனக்குக் கணக்கு நல்லா வரும்னு ஒரு நினைப்பு. எட்டாம் வகுப்புல கணக்குல பெயிலாகித்தான் லாரிக்கே வந்தேன். ஆனா அதை யாரும் ஞாபகப்படுத்துறதில்ல, நானும் மறந்துட்டேன். சிவகாசியில எங்க முதலாளி ஆபீஸ் வாசல்ல மத்த டிரைவருக கூடி நின்னா, டிரிப்புக்குக் கையில எம்புட்டு நிக்கும்னு என்கிட்டத்தான் கேப்பாங்க. நானும் பேனா பேப்பர் இல்லாமலே வானத்தைப் பாத்துச் சொல்லுவேன். அது பெரும்பாலும் தப்பாத்தான் இருக்கும். வானத்தைப் பாத்துச் சொன்னதுனால நம்பிட்டுப் போயிருவாங்க.

எங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. ஓடுற கிலோமீட்டருக்கு ஆறு ரூவா, சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் அதுக்குள்ள. டீசலுக்குத் தனியா அட்வான்ஸ். ஆபீஸ்ல ஊர் ஊருக்குத் தூரம் எழுதின ஒரு லிஸ்ட் தொங்கும். அந்தத் தூரத்தை நாலால வகுத்தா லிட்டர், லிட்டருக்குச் சராசரியா தொண்ணூத்திரெண்டு ரூவா. பங்க் கார்டுல அந்தப் பணத்தைப் போட்டு விட்டுருவாரு முதலாளி. சொன்ன லிட்டருக்குள்ள ஓட்டிட்டு வந்தா மிச்ச டீசல் காசு டிரைவருக்கு. கூடிட்டா டிரைவர் கையில இருந்து போகும். சரக்கு நனைஞ்சாலோ குறைஞ்சாலோ உடைஞ்சாலோ அதுவும் நம்ம தலையிலதான்.

போன ஆவணியில சாத்தூர்ல தீப்பெட்டி லோடு. மகாராஷ்டிராவுல அகோலாவுக்குப் போகணும், திரும்பும்போது விருதுநகர் மண்டிக்குத் துவரம்பருப்பு. லிஸ்ட்ல போக ஆயிரத்தைநூறு, வர ஆயிரத்தைநூறு. மூவாயிரம் கிலோமீட்டர்னா பதினெட்டாயிரம் ரூவா. எழுநூத்தைம்பது லிட்டர் டீசல், கார்டுல அறுபத்தொன்பதாயிரம் ஏறிருச்சு. வழிச்செலவுக்கும் வீட்டுக்கும்னு ஐயாயிரத்தை முன்னாலேயே வாங்கிட்டேன். ஆக, வந்ததும் கையில நிக்கிறது பதிமூவாயிரம்.

எனக்கு வேண்டியது பதினாலாயிரம்.

எங்க அக்கா சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் கட்டுறா. அவ சின்ன மகளுக்கு இருக்கன்குடி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துன்னு நாள் குறிச்சாச்சு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். மடியில உக்கார வைக்கணும், தோடு கொண்டு போகணும். அதைச் சும்மா கொண்டு போயிருக்கலாம். மச்சான் வீட்டு ஆளுக பத்துப் பேர் உக்காந்திருக்கும்போது, "பாப்பாவுக்கு ஒரு கிராம் தோடு, மாமன் நான் இருக்கேன்ல"ன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லிட்டேன். அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏலே, தங்கம் விக்கிற விலைக்கு உனக்கு எதுக்குலே இந்த வீராப்பு?"ன்னா. "நீ சும்மா இருக்கா, எனக்குத் தெரியாத கணக்கா"ன்னேன். கடையில செய்கூலியோட பதினாலாயிரம் சொன்னாங்க. ஆயிரம் ரூவா இடிக்குது.

அந்த ஆயிரத்தை யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம். கேப்பேனா? நான் யாரு, வானத்தைப் பாத்துக் கணக்குச் சொல்றவனாச்சே.

ஹைதராபாத் தாண்டின பெறகு ஒரு டீக்கடையில, பெரிய ரோட்டை விட்டு உள்ள இறங்கினா அறுபது கிலோமீட்டர் மிச்சம்னு ஒரு டிரைவர் சொன்னாரு. "ரோடு சுமார்தான்"னும் சொன்னாரு, அது என் காதுல ஏறல. அறுபதை நாலால வகுத்தா பதினஞ்சு லிட்டர். ஆயிரத்து முந்நூத்தி எண்பது ரூவா! லிஸ்ட் தூரத்துக்குச் சம்பளம் எப்படியும் வந்துரும், டீசலும் மிச்சம். தோட்டுக்கு ஆயிரம், பாப்பாவுக்குப் பலூன், எனக்கு ஒரு பிரியாணி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எனக்கே என் மேல மரியாதை வந்துருச்சு.

அது ரோடே இல்ல. குளம் குளமாப் பள்ளம். ரெண்டாவது கியரை விட்டு மூணாவது போட்டா வண்டி அழுவுது. ரெண்டு பக்கமும் புளியமரம் தாழக் கிடந்துச்சு. மேல ஏதோ கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. இறங்கிப் பாத்தேனா? கேபின்ல இருந்தே எட்டிப் பாத்து, இலை உரசுதுன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். அரை மணி நேரத்துல மழை பிடிச்சுச்சு. நல்ல மழை. பாட்டு வேற போட்டுக்கிட்டேன், அதை நினைச்சாத்தான் இப்பவும் செருப்பால அடிச்சுக்கலாம்னு வருது.

அகோலாவுல சரக்கு வாங்குற கடை ஆளுக தார்ப்பாயை அவுத்தாங்க. ஒரு முழம் நீளத்துக்குக் கிழிஞ்சு கிடந்துச்சு. மேல் வரிசைப் பண்டலைத் தூக்கினா, அட்டை கையோட வந்துருச்சு. எண்ணிப் பாத்தா இருபத்திரெண்டு பண்டல். சரக்கு வந்து சேந்துச்சுன்னு எழுதித் தர்ற எல்.ஆர். காப்பியில, இருபத்திரெண்டு நனைஞ்சுருச்சுன்னு எழுதி, என்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. அந்தக் காப்பி இல்லாம முதலாளிக்கு வாடகை வராது, அதனால கையெழுத்துப் போடாமலும் வர முடியாது. நனைஞ்சது எனக்கு வேண்டாம், நீயே கொண்டு போன்னுட்டாரு அந்தக் கடைக்காரரு. பருப்பு மூட்டை மேல ஈரத்தை வைக்க முடியுமா? இருபத்திரெண்டு பண்டலையும் கேபினுக்குள்ள, நான் படுக்கிற இடத்துல அடுக்கினேன். திரும்புற ஆயிரத்தைநூறு கிலோமீட்டரும் உக்காந்துக்கிட்டேதான் தூங்கினேன். பீடி வேற பத்த வைக்க முடியல.

சிவகாசியில கணக்கு பாக்குறது ஒரு சின்ன வயசு மேடம். கம்ப்யூட்டரைப் பாத்துத்தான் சொல்லும், வானத்தைப் பாக்காது. நான் உக்காரும்போதே, "நனைஞ்சது இருக்கட்டும் மேடம், டீசல்ல நமக்கு ஒம்பது லிட்டர் வரவு. எழுநூத்தைம்பதுக்கு எழுநூத்தி நாப்பத்தொண்ணுதான் போட்டிருக்கேன்"னு பில்லை எடுத்து வச்சேன். அந்தப் பள்ளத்துல ஊர்ந்ததுல பதினஞ்சு லிட்டர் ஒம்பதாக் குறைஞ்சிருந்துச்சு. சரி, அதாவது வரட்டும்.

"அண்ணே, வண்டி ஓடினது ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பதுதான். ஜி.பி.எஸ்.ல காட்டுது."

"லிஸ்ட்ல மூவாயிரம் மேடம்."

"லிஸ்ட் ஆடி மாசத்தோட போச்சுல்லண்ணே. ஆவணி ஒண்ணாந்தேதியில இருந்து ஓடின கிலோமீட்டருக்குத்தான் சம்பளம், அதுக்குத்தான் டீசலும். கார்டுல ஏத்துற அட்வான்ஸ் மட்டும்தான் இன்னும் லிஸ்ட் படி. சொன்னேனே, நீங்களும் இருந்தீகளே."

இருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. எல்லா டிரைவரையும் நிக்க வச்சு இந்த மேடம் சொல்லும்போது, நான் பின்னால நின்னு, "இந்தப் புள்ளையா நமக்குக் கணக்குச் சொல்லித் தருது?"ன்னு பக்கத்துல நின்னவனைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தேன்.

மேடம் வரிசையா அடிச்சுக் காட்டுச்சு. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பதுக்கு ஆறு ரூவா வீதம் பதினேழாயிரத்து அறுநூத்தி நாப்பது. அந்தத் தூரத்துக்கு டீசல் எழுநூத்தி முப்பத்தஞ்சு லிட்டர்தான். நான் போட்டது ஆறு லிட்டர் கூட. ஐநூத்தி அம்பத்திரெண்டு கழிவு. நனைஞ்ச பண்டல் ஒண்ணுக்கு முந்நூத்தைம்பது வீதம் ஏழாயிரத்து எழுநூறு. தார்ப்பாய் ஒட்டுறதுக்குத் தொள்ளாயிரம். முன்னால வாங்கின ஐயாயிரம். நிக்கிறது மூவாயிரத்து நானூத்தி எண்பத்தெட்டு.

அறுபது கிலோமீட்டர் குறைச்சதுல முந்நூத்தி அறுபது ரூவா சம்பளம் போச்சு, டீசல் மிச்சமும் இல்ல. அம்புட்டுப் பள்ளத்துல விழுந்து எந்திரிச்சது முதலாளிக்கு மிச்சம் பிடிச்சுக் குடுக்கத்தான்.

முதலாளி நல்ல மனுசர். "துட்டு பிடிச்சாச்சுல்ல, அந்தப் பண்டல் உன்னோடதுதான், எடுத்துக்கோ"ன்னாரு. பண்டலுக்கு அறுநூறு பெட்டி. பதிமூவாயிரத்து இருநூறு தீப்பெட்டிக்கு நான் சொந்தக்காரன். சும்மா இருப்பேனா? பெட்டி அம்பது காசுக்குத் தள்ளினாக்கூட ஆறாயிரத்து அறுநூறுன்னு மறுபடியும் வானத்தைப் பாத்தேன். மாடியில பரப்பி ரெண்டு நாள் காயப்போட்டேன். தெருவே என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு. காய்ஞ்ச மாதிரித்தான் தெரிஞ்சுச்சு.

காது குத்து நாள் வந்துருச்சு. மூவாயிரத்து நானூத்தி எண்பத்தெட்டைக் கொண்டு போய், கால் கிராம்ல பொட்டுத் தோடு ஒரு ஜோடி வாங்கினேன். டப்பாதான் பெருசு. அக்கா எடுத்துக் குடுத்த புது வேட்டி சட்டையில இருக்கன்குடி போய், பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். அது மொட்டைத் தலையை என் நெஞ்சுல முட்டிக்கிட்டு அழுதுச்சு. டப்பாவைத் திறந்ததும் மச்சானோட அத்தை ஒருத்தி குனிஞ்சு பாத்து, "தோடு எங்கனப்பா இருக்கு?"ன்னா. நிசமாவே தேடினா, பாவம். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு, குத்தினது பாப்பாவுக்கு.

பொங்கல் வைக்க அடுப்புப் பத்த வைக்கணும்னு தீப்பெட்டி கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு என் பையில இருந்து நாலு பெட்டியை எடுத்து நீட்டினேன். அக்கா ஒரு குச்சியை உரசினா. மருந்து உதிர்ந்து விழுந்துச்சு. இன்னொண்ணு. பெட்டியோட உரசுற பக்கமே உரிஞ்சு வந்துருச்சு. பெட்டியைத் திருப்பிப் பாத்தா. அவ ஆபீஸ் லேபிள், அவ கட்டின சரக்கு. அவ மூஞ்சி மாறிருச்சு.

"நனைஞ்ச பெட்டி காயாதுலே. மருந்து கரைஞ்சுருக்கும். என்ன பண்ணுன?"

அடுப்புப் பக்கத்துல குத்த வச்சுக்கிட்டு அம்புட்டையும் கொட்டிட்டேன். ஆயிரம் இடிச்சது, உள்ள இறங்கினது, மழை, பாட்டு, மேடம் எல்லாம். அக்கா திட்டுவான்னு பாத்தேன். அவ இடுப்புல இருந்து வேற பெட்டியை எடுத்து ஒரே உரசுல அடுப்பைப் பத்த வச்சா.

"ஆயிரம் ரூவாய்க்காலே இம்புட்டும்?"ன்னா. "நீ கட்டியிருக்கிற வேட்டி சட்டை ஆயிரத்து இருநூறு. வேண்டாம்க்கா, துட்டாக் குடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே."

நான் குனிஞ்சு வேட்டியைப் பாத்தேன். புதுசு, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையல.