பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பரீட்சை

பௌர்ணமி வந்தால் என் நாத்தனாருக்கு இரண்டு கடமைகள். ஒன்று, கிரிவலம் சுற்றுவது. இன்னொன்று, சுற்றிய காலோடு எங்கள் வீட்டுக்கு வந்து தன் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, பரீட்சை வைப்பது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

“அண்ணா, என்னத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாக்கலாம்.”

அவருக்கு மறதி நோய். தங்கச்சியைத் தெரியாது, பெற்ற மகனைத் தெரியாது, இந்த ஆடியிலிருந்து என்னையும் தெரியாது. இதெல்லாம் நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்பது அவள் கட்சி. அவளுக்கு ஒன்றும் குறையாது, காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். பதில் சொல்லத் தெரியாத அவமானத்தோடு அவர் மிச்சமிருப்பார். சோறு இறங்காது. “எங்க வீட்டுக்குப் போறேன்” என்று வாசல் கேட்டுக்குப் போய்விடுவார். வெளியே கிரிவலக் கூட்டம். அதில் அவர் கலந்துவிட்டால் நான் யாரைப் பிடித்துத் தேடச் சொல்வது?

போன பௌர்ணமிக்குத் தன் மகனையும் கூட்டி வந்திருந்தாள். அவன் செல்போனில் வீடியோ எடுக்க, இவள் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்தினாள். அவருக்குக் காது பாம்புக்காது.

“நல்லா யோசிச்சு சொல்லுண்ணா. உன் கூடப் பொறந்தவ.”

அவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எழுந்து நேராகக் கேட்டுக்குப் போய்விட்டார். நாத்தனார் பின்னாலேயே ஓடித் தோளைப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டுக் கையை உதறினார். தாழ்ப்பாளை ஆட்ட ஆரம்பித்தார்.

“என்னா அண்ணி, இப்படி ஆயிட்டாரு?” என்று என்னிடம் கேட்டாள். ஏதோ நான்தான் கெடுத்து வைத்ததுபோல.

“நீ உள்ள போய் காபி குடி. டிவியையும் நிறுத்து” என்றேன்.

பின்னாலிருந்து போனால் அவர் பயப்படுவார், அது எனக்குப் பழகித் தெரியும். அதனால் பின்கதவு வழியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் சுற்றி, தெருப்பக்கமாக வந்தேன். என் வீட்டுக்கு நானே விருந்தாளி. கேட்டுக்கு நாலைந்து அடி தள்ளி, அவர் நேர்பார்வையில் நின்றேன். இரண்டு கையும் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டேன். பேசவில்லை. அவர் என்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் சும்மா நிற்பது இருக்கிறதே, அதைவிட மலையை இரண்டு தரம் சுற்றிவிடலாம்.

பார்த்தார். சிரித்தேன்.

“வணக்கம்ங்க.”

அவ்வளவுதான். அது உள்ளே போய்ச் சேர நேரம் ஆகும். தாழ்ப்பாள் சத்தம் நின்றது. அப்புறம்தான் என் பேரைச் சொன்னேன். உறவைச் சொல்லவில்லை. பெண்டாட்டி என்றால் அவர் மனதில் இருப்பவள் தலை நரைக்காத ஒருத்தி. என்னைப் பார்த்து, பொய் சொல்கிறேன் என்று நினைப்பார். ஞாபகம் இருக்கா என்றும் கேட்கவில்லை.

“இந்தத் தெருதாங்க நானு. செத்த உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கீழ்பென்னாத்தூர் லைனில் கண்டக்டராக இருந்தவர். ஆளைத் தெரியாவிட்டாலும் ஆளை ஏற்றத் தெரியும்.

“சுத்திட்டு வர்றீங்களா?”

“ஆமாங்க.”

“உள்ள வாங்க, எடம் இருக்கு” என்று அவரே கேட்டைத் திறந்து, நான் நுழைந்ததும் அவரே சாத்தினார். எனக்கு உயிர் வந்தது. கையை நீட்டினேன், நானாக அவர் கையைப் பிடிக்கவில்லை. உள்ளங்கை தெரிய அப்படியே வைத்திருந்தேன். கொஞ்சம் கழித்து அவராகப் பிடித்துக்கொண்டார்.

முன்வாசலில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நான் படியில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் நின்று பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும். நாத்தனார் வாசற்கதவருகே டம்ளரோடு நின்றாள். கூப்பிடும் வரை வரவேண்டாம் என்று ஜாடை காட்டினேன். ஆச்சரியம், கேட்டுக்கொண்டாள்.

“காபி சாப்பிடுறீங்களா?” என்றார். “என் வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. இப்ப வந்துடுவா.”

“வரட்டுங்க. அவசரமில்ல.”

அவர் உள்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“நல்லவதான். ஆனா ஒரே அவசரம், கோவமும் ஜாஸ்தி. உங்கள மாதிரி இப்படிப் பொறுமையா பேசமாட்டா.”

கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் என் பேச்சைப் பாராட்டியது அன்றுதான். அதுவும் வேறொருத்தியின் பேச்சென்று நினைத்து. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

“அவங்ககிட்ட சொல்றேங்க” என்றேன்.

“வேணாம் வேணாம்” என்று பதறி, என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “பாவம், வருத்தப்படுவா.”