ஐந்தாவது வரிசை

அந்தப் பள்ளியில் சங்கிலி விதி என்றாலே கணக்கு டீச்சர்தான். மற்ற பாடங்களை, பாவம், கடமைக்குத்தான் நடத்துவார். சங்கிலி விதி தேவைப்படும், ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு உட்கார்ந்திருக்கும் வகையீட்டுக் கணக்கு வந்துவிட்டால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வார். வீட்டில் டிவி ரிமோட் தொலைந்தாலும் கணவரிடம், "நேரா அலமாரியைப் பாக்காதீங்க. கடைசியா எங்க உக்காந்தீங்க? முதல்ல அங்க போங்க, அங்கேருந்து தேடுங்க," என்பார். கணவர் முப்பது வருட தாம்பத்தியத்தில் சங்கிலி விதியைத் தவிர எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பின் மாதிரித் தேர்வுக்கு இந்த முறை வினாத்தாள் தயாரித்தது டீச்சர்தான். துறைத் தலைவர் பதவி காலியாக இருந்தது. "பரீட்சை நடுவுல வந்து திருத்தம் சொல்ற வேலை மட்டும் இருக்கக்கூடாது. பிழையில்லாத தாள் யாருதோ, நாற்காலி அவங்களுக்கு," என்று முதல்வர் அறிவித்திருந்தார். போட்டிக்கு நின்ற மற்றொருவர், பிள்ளைகள் 'மீசை' என்று பேர் வைத்திருந்த இன்னொரு கணக்கு வாத்தியார். அவருடைய பதினோராம் வகுப்புத் தாள் போன வாரமே கீறல் விழாமல் முடிந்திருந்தது.

ஆகவே அன்று காலை அந்தப் பெரிய கூடத்தில் டீச்சர் காவலுக்கு நடந்த நடை, முடிசூட்டு விழாவுக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது.

முன்பெஞ்சில் பென்சிலைக் கடித்தே பேர் வாங்கிய பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், அஞ்சாவது வரிசை எங்க?"

"எந்த வரிசை? அடுத்த கேள்விக்குப் போம்மா."

"போயிட்டு வந்துட்டேன் டீச்சர். எல்லாத்தையும் முடிச்சிட்டேன். இது மட்டும்தான்."

டீச்சர் குனிந்தார். அட்டவணையில் x ஒன்றிலிருந்து நான்குவரை. அதற்கு நேரே f, f′, g, g′ மதிப்புகள். h(x) = f(g(x)) எனில் h′(2) என்ன? f′(g(2)) ஐ g′(2) ஆல் பெருக்க வேண்டும். g′(2) நான்கு, அது சரி. g(2)? ஐந்து என்றிருந்தது. அப்படியானால் f′(5) வேண்டும். அட்டவணையோ நான்கோடு முடிந்துவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் g மதிப்புகளில் மூன்று இரண்டு முறை வருகிறதே, பார்க்க அசிங்கமாயிருக்கிறதே என்று மேலே இருந்த மூன்றை ஐந்தாக்கியது அவருடைய கைதான். "g(2) வெறும் நம்பர் இல்ல பசங்களா, அடுத்து நீங்க போகவேண்டிய வீட்டு அட்ரஸ்," என்று வருடாவருடம் தொண்டை கிழியக் கத்தியவர், வீடே கட்டாத தெருவுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சுற்றிப் பார்த்தார். கூடம் நிம்மதியாக இருந்தது. அதுதான் கொடுமை. பக்கத்துப் பெஞ்சுப் பையன் அட்டவணையின் இரண்டாம் வரிசையிலேயே குடியேறி, f′(2) ஆன மைனஸ் ஒன்றை நான்கால் பெருக்கி, மைனஸ் நான்கு என்று கட்டம் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னாலும் மைனஸ் நான்கு. பெஞ்சு நெடுக மைனஸ் நான்கு. வாயை மூடிக்கொண்டால் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். திருத்தும்போது எல்லோருக்கும் மதிப்பெண் அள்ளிப் போட்டுவிடலாம். நாற்காலி பத்திரம்.

அந்த ஒருத்தி விடைத்தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். "எனக்குத்தான் தப்பா வருதா டீச்சர்?" என்றாள். கண் தளும்பியது.

அதே நேரம் வாசலில் முதல்வர். பின்னாலேயே மீசை, வேலையில்லாத சமயம் என்பதால் துணைக்கு.

"எல்லாம் சரியா டீச்சர்?"

மீசை பரிவோடு தலை சாய்த்தார். தாளையே முறைத்துக்கொண்டிருந்த பெண் மெல்லத் தன் சரியான வழியை அடிக்கத் தொடங்கி, இரண்டாம் வரிசைப் பக்கம் கண்ணை ஓட்டுவது டீச்சருக்குத் தெரிந்தது.

"அடிக்காதே!" என்றார் டீச்சர். கூடமே நிமிர்ந்தது. "சரியில்ல சார். எல்லாரும் கேளுங்க. கேள்வியில தப்பு. என் தப்பு. g(2) அஞ்சு இல்ல, மூணு."

பக்கத்துப் பெஞ்சுப் பையன் எழுந்தான். "g(2) எதுக்கு டீச்சர்? எனக்கு அது இல்லாமலே விடை வந்திடுச்சே."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகமே மாறியது. உட்கார்ந்தான். அழிரப்பரை எடுத்தான். பின்பெஞ்சிலும் அழிரப்பர்கள் வெளியே வந்தன. g(2) தேவைப்படுகிறது என்று டீச்சரே மேடை போட்டுச் சொல்லிவிட்ட பிறகு மூன்றாம் வரிசைக்குப் போக எவ்வளவு நேரம்? f′(3) ஐந்து, நான்கால் பெருக்கினால் இருபது. கூடம் முழுக்க இருபதுகள் முளைத்தன.

முதல்வர் மீசையின் தோளில் கை போட்டபடி வெளியே போனார். நாற்காலி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அந்தக் கையே சொல்லிவிட்டது.

முன்பெஞ்சுப் பெண் இருபது என்று எழுதி, கோடு போட்டு, டீச்சரைக் கோபமாகப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் காதுல சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? இப்ப எல்லாருக்கும் இருபது."

"சொல்லியிருக்கலாம்தான்," என்றார் டீச்சர், அவள் பெஞ்சிலேயே காலியாயிருந்த ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டு.