அறுபத்திரண்டு பரிசோதனைகளும் ஒரு வரியும்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் ஐந்து வருடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு முதல் பஸ், அங்கிருந்து ரயில். டோக்கன் கொடுப்பது, ரிப்போர்ட் டைப் அடிப்பது, போனில் பதில் சொல்வது எல்லாம் என் தலையில்தான். நோட்டீஸ் எழுதுவதும் என் வேலை என்று எங்கள் முதலாளி ஒருநாள் முடிவு செய்தார். தமிழ் நன்றாக எழுதுகிறேனாம்.

சிப்காட் தொழிற்சாலைகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவதற்கான நோட்டீஸ் அது. முழு உடல் பரிசோதனை, சலுகைக் கட்டணம். அதையே எங்கள் புது இணையப் பக்கத்திலும் போடப் போவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தை அவரும் அவர் மச்சானும் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் ஒழுங்காகவே எழுதினேன். என்னென்ன உண்டு என்று முதலில்: ரத்த அணுக்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே. அடுத்து பதிவு செய்யும் முறை: முதல் நாளே போனிலோ நேரிலோ பெயர், வயது சொல்லி நேரம் வாங்குங்கள், வரும்போது கம்பெனி அடையாள அட்டை கொண்டுவாருங்கள். கடைசியில் வெறும் வயிற்றில் வருவது பற்றி: பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, டீ, காபி, பால் கூடாது, பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். முதல் ரத்தம் கொடுத்ததும் நாஷ்டா சாப்பிட்டு, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

முதலாளி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா, மொத்தமே ஏழெட்டு டெஸ்ட்டுதான் தெரியுது? ரயிலடி தாண்டி இருக்கற லேபுல அம்பதுன்னு போட்டுக்கீறான். நாம அறுபத்திரண்டுன்னு போடணும்."

எப்படி அறுபத்திரண்டு என்று கேட்டேன். அவரே விரல் விட்டு எண்ணினார். ரத்த அணுக்கள் என்ற ஒரே பரிசோதனையை உடைத்து இருபதுக்கு மேல் தேற்றினார். சிறுநீரின் நிறம் ஒரு டெஸ்ட், தெளிவாக இருக்கிறதா என்பது இன்னொரு டெஸ்ட். ஆளின் உயரத்தையும் எடையையும்கூட விட்டுவைக்கவில்லை. அந்த எண்ணை நோட்டீஸின் நடுவில் பூசணிக்காய் அளவுக்குப் போடச் சொன்னார். இடம் பற்றவில்லை. கீழே இருந்த வரிகளில் கை வைத்தார். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்ற வரி போயிற்று.

"சார், அந்த வரி வேணும். எங்க ஊட்டுல நோன்புன்னா தண்ணியும் கிடையாது. பட்டினியா வான்னா நிறைய பேரு அப்டிதான் எடுத்துக்குவாங்க."

"தண்ணி குடிக்கறதுகூடவா சொல்லித் தரணும்? சின்னப் பசங்களா அவங்க?"

மூன்று நாள் கழித்து அச்சகத்திலிருந்து திருத்தப்படி வந்தது. அந்த வரி இல்லை என்பதைப் பார்த்தேன். போன் எண் சரி, நேரம் சரி. அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு முறை அவரிடம் திட்டு வாங்கியிருந்தேன், மூன்றாவது முறைக்குத் தெம்பில்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு என் மேல்தான் முதலில் எரிச்சல் வருகிறது.

நோட்டீஸ் ஒட்டிய இரண்டாவது வாரம், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்று தன் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எட்டுப் பேரை நிரந்தரமாக்க முடிவு செய்து, உடல் தகுதிக்கு எங்களிடம் அனுப்பியது. ஏழு பேர் வந்து போனார்கள். எட்டாவது ஆள் கடைசி நாள் காலை எட்டு மணிக்கு, இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். உலைக்குப் பக்கத்தில் வேலை, ஆறு வருடமாக ஒப்பந்தம். உதடு வெடித்திருந்தது. டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார்.

ஓடிப் போய்த் தூக்கி உட்காரவைத்தோம். தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்கிறார்.

"வேணாம் மேடம், டெஸ்ட்டு கெட்டுடும். நைட்டு எட்டு மணிக்கு மூடுன வாயி. எங்க கேட்டாண்ட ஒட்டிக்கீற நோட்டீஸப் படிச்சிட்டுதான் வந்துக்கீறேன்."

உலை வெக்கையில் எட்டு மணி நேரம், ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லி ஒரு டம்ளரைக் குடிக்கவைத்துவிட்டு, இன்றைக்கு ரத்தம் எடுக்க வேண்டாம், நாளை வரட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். கம்பெனிக்கு இன்றைக்கே ரிப்போர்ட் போக வேண்டும், எடு என்றார். நரம்பு கிடைக்காமல் டெக்னீஷியன் மூன்று இடத்தில் குத்தினார். சிறுநீர் அடர்ந்த டீ டிகாக்ஷன் நிறத்தில், குப்பியின் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் வந்தது.

யூரியா, கிரியாட்டினின் இரண்டும் அளவுக்கு மேல். தண்ணீர் வற்றிய உடம்பில் அப்படி ஏறும் என்பது டெக்னீஷியனுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தாளில் மட்டும் அது சிறுநீரகக் கோளாறு மாதிரிதான் தெரிந்தது. கம்பெனி மருத்துவர், தற்போது தகுதியில்லை என்று எழுதிவிட்டார்.

"கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க சார். மறுபடி எடுக்கறோம்னு சொல்லுங்க."

"நம்ம நோட்டீஸு தப்புன்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லணுமா? போய் வேலையப் பாரும்மா."

நானே அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வார விடுமுறையில் தூங்கி எழுந்து வந்தார். முதலாளி வருவதற்கு முன் டெக்னீஷியன் ரத்தம் எடுத்தார். இரண்டு அளவும் சரியாக இருந்தன. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே ஆலை அலுவலகத்துக்குப் போனேன். பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம், ஏழு பேர் பெயரோடு. அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டதற்கு அங்கிருந்த அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே காத்திருந்தவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் பொன்னேரியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். 'தண்ணீர் குடிக்கலாம்' என்று இரண்டே வார்த்தை. லேபில் மிச்சமிருந்த நோட்டீஸ்களில் எல்லாம் அடித்தேன். முதலாளி பார்த்துவிட்டு, அறுபத்திரண்டின் மேல் மை படாமல் அடி என்றார். பிறகு ஒட்டியவற்றில் அடிக்க சாயங்காலம் ஒவ்வொரு ஆலையாக ஏறி இறங்கினேன்.

கம்பி ஆலைக்குக் கடைசியாகப் போனேன். வாசல் பலகையில் எங்கள் நோட்டீஸ் அப்படியே இருந்தது. அதன் அடியில், எங்கள் போன் எண்ணுக்கு மேல் இருந்த காலி இடத்தில், நீலப் பேனாவால் யாரோ அழுத்தி எழுதியிருந்தார்கள்.

'தண்ணி குடிச்சிட்டுப் போங்க. நான் குடிக்கல.'

அவ்வளவு இடம் அங்கே இருந்திருக்கிறது. ஸ்டாம்பைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.